பச்சை வட்டத்தில் ஒரு பூஜ்ஜியம்

2017 ஆகஸ்ட் 15ஆம் தேதி சிகிளீனர் என்ற இலவச மென்பொருளின் 5.33ஆவது பதிப்பு வெளிவந்தது. கணினியில் சேரும் குப்பைக் கோப்புகளைத் துடைத்துப் போடுவதற்காக உலகம் முழுக்கப் பலர் வைத்திருந்த மென்பொருள் அது. அதைத் தயாரித்த பிரிஃபார்ம் நிறுவனத்தை ஒரு மாதத்துக்கு முன்புதான் அவாஸ்ட் என்ற ஆன்ட்டிவைரஸ் நிறுவனம் விலைக்கு வாங்கியிருந்தது. மக்கள் கண்ட இடத்திலிருந்து இறக்கவில்லை. நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்கினார்கள். கோப்பில் நிறுவனத்தின் டிஜிட்டல் கையொப்பமும் முறையாக இருந்தது. ஏறக்குறைய நான்கு வாரம் எவருக்கும் சந்தேகம் எழவில்லை.

செப்டம்பர் 13ஆம் தேதி, சிஸ்கோ நிறுவனத்தின் டாலோஸ் ஆய்வுக் குழு தன் வாடிக்கையாளர்கள் சிலரிடம் ஒரு புதிய பாதுகாப்பு முறையைச் சோதித்துக்கொண்டிருந்தபோது, அது ஒரு கோப்பைப் பிடித்து நிறுத்தியது. எடுத்துப் பார்த்தால் சிகிளீனரின் இன்ஸ்டாலர். பிரித்து ஆராய்ந்ததில், உண்மையான மென்பொருளோடு சேர்த்தே ஒரு திருட்டு நிரலும் உள்ளே உட்கார்ந்திருந்தது தெரிந்தது. நிறுவனத்தின் வலைப்பின்னலுக்குள் புகுந்தவர்கள், மென்பொருள் வெளியாகும் முன்பே அதைக் கலந்திருந்தார்கள். அந்தப் பதிப்பு 22 லட்சத்து 70 ஆயிரம் கணினிகளில் ஏறியிருந்ததாக அவாஸ்ட் பின்னர் சொன்னது.

நமக்கு வேண்டிய தகவல் டாலோஸ் அறிக்கையில் ஓரமாக இருக்கிறது. செப்டம்பர் 18ஆம் தேதி அறிக்கை வெளியான நேரத்திலும், 64 ஆன்ட்டிவைரஸ்களில் ஒன்றே ஒன்றுதான் அந்தக் கோப்பைக் கெட்டது என்று சொன்னது. மற்ற 63-க்கும் அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

இந்த 64 என்ற கணக்கு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். ஒரு கோப்பை இறக்கியபின் மனதில் உறுத்தல் இருந்தால், விவரம் தெரிந்தவர்கள் virustotal.com என்ற தளத்துக்குப் போகச் சொல்வார்கள். ஸ்பெயினில் மலகா நகரத்து நிறுவனம் ஒன்று 2004-இல் தொடங்கிய சேவை இது. 2012-இல் கூகுள் வாங்கியது. கோப்பை அங்கே ஏற்றினால், ஏறக்குறைய எழுபது ஆன்ட்டிவைரஸ் நிறுவனங்களின் ஸ்கேன் எஞ்சின்கள் அதை ஒரே சமயத்தில் சோதித்துத் தீர்ப்புச் சொல்லும். இலவசம்தான். மெட்டாடிஃபெண்டர், ஜாட்டி என்று இதேபோல் வேறு தளங்களும் உண்டு. முடிவு ஒரு வட்டத்துக்குள் எண்ணாக வரும். எதுவும் பிடிபடவில்லை என்றால் வட்டம் பச்சையாகி, 0/70 என்பது போலக் காட்டும். பக்கத்தில் No security vendors flagged this file as malicious என்று ஒரு வரி. அதாவது, ‘கெட்டது என்று எந்த நிறுவனமும் குறிக்கவில்லை’. பார்ப்பவர்கள் அதை ‘கோப்பு நல்லது’ என்று வாசித்துக்கொண்டு இரட்டை கிளிக் செய்துவிடுகிறார்கள். தளம் அப்படிச் சொல்லவே இல்லை.

எஞ்சின்கள் எப்படிப் பார்க்கின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. சோதனைச் சாவடியில் தேடப்படும் குற்றவாளிகளின் படங்களை ஒட்டிவைத்து, வருகிறவர்களின் முகத்தை அதோடு ஒப்பிடும் காவலரைப் போன்றது அவற்றின் அடிப்படை வேலை. ஏற்கெனவே அகப்பட்ட வைரஸ்களின் அடையாளங்களும், அவற்றின் சாயல் கொண்டவற்றைக் கணிக்கும் விதிகளும் அவற்றிடம் இருக்கின்றன. புதிதாகத் தொழிலுக்கு வந்தவனின் படம் அங்கே இருக்காது. யாரோ ஒருவர் ஏமாந்து, அந்தக் கோப்பு ஆய்வாளர் கைக்குப் போய், அடையாளம் எடுக்கப்பட்டு, எல்லா நிறுவனங்களுக்கும் பரவும்வரை பூஜ்ஜியம் பூஜ்ஜியமாகவே நிற்கும்.

இன்னொன்றும் உண்டு. உங்கள் கணினியில் இருக்கும் ஆன்ட்டிவைரஸ், கோப்பு ஓடத் தொடங்கியபின் அது என்ன செய்கிறது என்றும் கவனிக்கும். திடீரென்று ஆவணங்களைப் பூட்டத் தொடங்கினால், பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் தொட்டால், குறுக்கே விழும். வைரஸ்டோட்டலில் இருப்பவை பெரும்பாலும் கோப்பை ஓடவிடாமல் பார்த்துச் சொல்லும் கட்டளை வரி வடிவங்கள். இரண்டும் ஒன்றில்லை என்று அந்தத் தளமே சொல்லிவைத்திருக்கிறது. அங்கே பச்சை காட்டிய கோப்பை உங்கள் கணினி தடுத்தால், ‘எழுபது பேர் சரி என்கிறார்கள், இது மட்டும் ஏன் மல்லுக்கு நிற்கிறது’ என்று பாதுகாப்பை அணைத்துவிடாதீர்கள். வீட்டு ஆன்ட்டிவைரஸ் பார்த்ததை அந்த எழுபதும் பார்த்திருக்காமல் போகலாம்.

எழுபது என்ற எண்ணையும் கொஞ்சம் கழித்தே எடுத்துக்கொள்ள வேண்டும். பட்டியலை மேலிருந்து கீழாகப் பாருங்கள். ருமேனியாவின் பிட்டிஃபெண்டர் தன் எஞ்சினை வேறு பல நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்திருக்கிறது. அதனால் ஒரு கோப்பு பிடிபடும்போது நான்கைந்து பெயர்களுக்கு எதிரே ஒரே வைரஸ் பெயர் அச்சு மாறாமல் வரும். பிட்டிஃபெண்டர் கோட்டை விட்டால் அத்தனை பேரும் சேர்ந்து கோட்டை விடுவார்கள். சென்னையிலிருந்து இயங்கும் கே7 நிறுவனமும் அந்தப் பட்டியலில் இருக்கிறது, K7AntiVirus, K7GW என்று இரண்டு வரிகளில். நம் ஊர்ப் பெயரை அங்கே பார்ப்பதில் ஒரு சந்தோஷம் இருந்தாலும், அவை இரண்டு தனித்தனி சாட்சிகள் அல்ல.

இனி சிகிளீனருக்குள் இருந்த நிரல் என்ன செய்தது என்று பார்க்கலாம். சோதனைகளைத் தாண்டிப் போவது எப்படி என்பதற்கு அதைவிடத் தெளிவான பாடம் கிடைக்காது. சிகிளீனரைத் திறந்ததும் அந்த நிரல் முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ளும். அடுத்து, பதில் வராத ஒரு வலை முகவரிக்குச் செய்தி அனுப்பி, 601 விநாடி காத்திருக்கும். பத்து நிமிடமும் ஒரு விநாடியும். பிறகு மறுபடி நேரத்தைப் பார்க்கும். உண்மையிலேயே 600 விநாடி கடந்திருக்கவில்லை என்றால், அது சத்தமில்லாமல் முடிந்துவிடும். சிகிளீனர் மட்டும் வழக்கம்போலக் குப்பையைத் துடைத்துக்கொண்டிருக்கும்.

ஏன் இந்த ஏற்பாடு? சந்தேகக் கோப்புகளைத் தனியாக ஒதுக்கிய ஒரு போலிக் கணினியில் ஓடவிட்டுப் பார்க்கும் முறைக்கு சாண்ட்பாக்ஸ் என்று பெயர். ஒரு நாளைக்கு லட்சக்கணக்கில் கோப்புகள் வரும்போது ஒவ்வொன்றுக்கும் சில நிமிடம்தான் ஒதுக்க முடியும். சில சாண்ட்பாக்ஸ்கள் நேரத்தை மிச்சப்படுத்தக் கடிகாரத்தை வேகமாக ஓட்டிக் காட்டவும் செய்யும். பத்து நிமிடம் சும்மா இருந்துவிட்டால் முதல் வகையை ஏமாற்றிவிடலாம். மறுபடி நேரத்தைச் சரிபார்த்தால் இரண்டாவது வகையையும் கண்டுபிடித்துவிடலாம். அதன்பின், பயனருக்கு அட்மின் உரிமை இருக்கிறதா என்று பார்க்கும். இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். எல்லாம் கூடிவந்தால் கணினியின் பெயர், அதிலுள்ள மென்பொருள்களின் பட்டியல், ஓடிக்கொண்டிருப்பவற்றின் பட்டியல் ஆகியவற்றைத் திரட்டித் தன் எஜமானரின் சர்வருக்கு அனுப்பும். எஜமானர்கள் அதிலிருந்து பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் கணினிகளைப் பொறுக்கியெடுத்தார்கள். இரண்டாவது கட்ட ஆயுதம் போய்ச் சேர்ந்தது சுமார் 40 கணினிகளுக்கு மட்டும்தான். 22 லட்சம் பேர் அவர்களுக்கு வெறும் வழி.

முதல் கோப்பில் பெரிய ஆயுதமே இல்லாதபோது ஸ்கேனர் எதைக் கண்டுபிடிக்கும்? இன்று சாதாரணத் திருடர்களும் இதைத்தான் செய்கிறார்கள். நீங்கள் இறக்குவது ஒரு சின்ன, அப்பாவியான கோப்பு. நெட்டில் இணைந்தபின் அது உண்மையான சரக்கை வரவழைக்கும். ஸ்கேன் செய்த நேரத்தில் அந்தச் சரக்கு உலகில் இருந்திருக்கவே வேண்டியதில்லை.

இதற்கெல்லாம் மேலே ஒன்று இருக்கிறது. நாம் செய்யும் அதே சோதனையைத் திருடர்களும் செய்கிறார்கள், நமக்கு முன்பே. ஆனால் வைரஸ்டோட்டலில் செய்யமாட்டார்கள். அங்கே ஏற்றும் கோப்பு ஆன்ட்டிவைரஸ் நிறுவனங்களின் கைக்குப் போய்விடும் என்று அவர்களுக்குத் தெரியும். அதனால் அவர்களுக்கென்றே தனிச் சந்தை உண்டானது. ஸ்கேன்4யூ என்று ஒரு சேவை. அதுவும் டஜன் கணக்கான ஆன்ட்டிவைரஸ்களில் கோப்பைச் சோதித்துச் சொல்லும். ஒரே வித்தியாசம், கோப்பை யாருக்கும் கொடுக்காது. வைரஸ் எழுதுகிறவர் ஏற்றிப் பார்ப்பார், ஐந்து எஞ்சின் பிடித்தால் மேலுறையை மாற்றிச் சுற்றுவார், மறுபடி ஏற்றுவார், பூஜ்ஜியம் வந்தபின்தான் வெளியே விடுவார். அந்தச் சேவையை நடத்தியதற்காக ருஸ்லான்ஸ் பொண்டார்ஸ் என்பவருக்கு 2018 செப்டம்பரில் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநில ஃபெடரல் நீதிமன்றம் 14 ஆண்டு சிறை விதித்தது. அதன் வாடிக்கையாளர் ஒருவர் அங்கே சோதித்துப் பார்த்த வைரஸால் அமெரிக்கச் சில்லறைக் கடைகளிலிருந்து சுமார் 4 கோடி கிரெடிட், டெபிட் கார்டு எண்கள் திருடப்பட்டதாக அரசுத் தரப்பு சொன்னது. கடை மூடியதும் தொழில் நின்றுவிடவில்லை. ஏவிசெக் என்ற இன்னொரு சேவையை 2025 மே மாதம் நெதர்லாந்து போலீஸும் அமெரிக்க, ஃபின்லாந்து அதிகாரிகளும் சேர்ந்து முடக்கினார்கள்.

ஆகவே, இன்று காலை புதிதாக வெளிவந்த ஒரு வைரஸ் பச்சை வட்டம் காட்டுவது தற்செயல் அல்ல. பச்சை வரும்வரை காத்திருந்துதான் அதை அனுப்பியிருக்கிறார்கள்.

அப்படியானால் இந்தத் தளத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். நிறைய உண்டு. வட்டத்தை மட்டும் பார்க்காமல் மற்றதையும் பார்த்தால் உண்டு. கோப்பை ஏற்றுவதற்கு முன் அதன் ஹேஷை எடுங்கள். ஹேஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் 64 எழுத்து கொண்ட ஒரு சரம். கோப்பில் ஒரு பைட் மாறினாலும் சரம் முழுக்க மாறிவிடும். விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து, கோப்பு இருக்கும் ஃபோல்டரில் இப்படி அடித்தால் போதும்:

```
Get-FileHash .\setup.exe
```

வரும் சரத்தை நகலெடுத்து வைரஸ்டோட்டலின் Search பகுதியில் ஒட்டுங்கள். யாராவது ஏற்கெனவே ஏற்றியிருந்தால் முழு அறிக்கையும் வரும், உங்கள் கோப்பு உங்களிடமே இருக்கும். அந்த அறிக்கையில் Details என்ற தாவலுக்குப் போய், History என்ற இடத்தில் First Submission தேதியைப் பாருங்கள். இந்தக் கோப்பை உலகில் முதன்முதலில் யாரோ ஏற்றிய நாள் அது. ஒரு பிரபல வீடியோ பிளேயரின் இன்ஸ்டாலர் என்று சொல்லி வந்த கோப்பு நேற்றுத்தான் முதலில் ஏற்றப்பட்டது என்றாலோ, அதைவிட மோசமாக, தேடலில் எதுவுமே வரவில்லை என்றாலோ, வட்டத்தில் என்ன எண் வந்தாலும் அதைத் தொடாதீர்கள். உண்மையான கோப்பு என்றால் அதை முன்பே பல பேர் ஏற்றியிருப்பார்கள். அந்தப் பிளேயரின் தளத்தில் ஹேஷ் கொடுத்திருந்தால் அதோடும் ஒப்பிடலாம். விஎல்சி போன்றவை கொடுக்கின்றன. சிகிளீனர் விஷயத்தில் இதுவும் உதவியிருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அங்கே கெட்டுப்போனது மூலக் கோப்பேதான்.

அதே இடத்தில் Last Analysis தேதியும் இருக்கும். அது மூன்று மாதத்துக்கு முந்தையது என்றால் நீங்கள் பார்க்கும் பூஜ்ஜியமும் மூன்று மாதப் பழசு. Reanalyze என்ற பொத்தானை அழுத்தினால் இன்றைய அடையாளங்களோடு மறுபடி சோதிக்கும். அவசரமில்லாத கோப்பு என்றால் திறக்காமல் ஒரு வாரம் போட்டுவைத்து மறுபடி சோதிப்பது என் வழக்கம். நேற்று பூஜ்ஜியமாக இருந்தது இன்று 30 ஆகலாம். சிகிளீனரைப் போல நான்கு வாரம் தாக்குப்பிடிப்பவை அபூர்வம், ஆனால் இருக்கின்றன.

எழுபதில் ஒன்று இரண்டு மட்டும் சிவப்பாக வருவது எதிர்த்திசைக் குழப்பம். கேள்விப்படாத எஞ்சின், பெயரில் Generic அல்லது ML என்று ஏதோ ஒன்று. பெரும்பாலும் அது தப்பான சந்தேகம்தான், சின்ன நிறுவனங்களின் புதிய மென்பொருள்களுக்கு இது அடிக்கடி நேரும். ஆனால் சிகிளீனர் சமயத்தில் சரியாகச் சொன்னதும் ஒற்றை எஞ்சின்தான். இந்த இடத்தில் கணக்கு உதவாது, கோப்பு எங்கிருந்து எப்படி வந்தது என்பதுதான் தீர்மானிக்கும்.

ஏற்றுவதற்கே முடியாத கோப்புகளும் வரும், அவையே பெரிய எச்சரிக்கை. கிராக் செய்த மென்பொருள் என்று ஒரு ஜிப் கிடைக்கும். பாஸ்வேர்டு 1234 என்று பக்கத்திலேயே எழுதியிருக்கும். பாஸ்வேர்டு இல்லாமல் ஸ்கேனரால் உள்ளே பார்க்க முடியாது, அதற்காகவே போடப்பட்ட பூட்டு அது. வேறு சிலர் இரண்டு எம்பி வைரஸின் வாலில் வெறும் பூஜ்ஜியங்களைக் கொட்டி 700, 800 எம்பி ஆக்கிவிடுவார்கள். வைரஸ்டோட்டல் ஏற்கும் அளவு 650 எம்பி. ஜிப்பாக இருக்கும்போது வெறும் பூஜ்ஜியங்கள் நன்றாகச் சுருங்கிவிடுவதால் இறக்கும்போது பத்து எம்பிகூட இருக்காது. பிரித்ததும் பூதாகாரமாக விரிந்தால், உள்ளே வீங்கவைத்த கோப்பு இருக்கிறதென்று சந்தேகப்படலாம்.

செல்போனுக்கு வரும் கோப்புகளில் இந்தத் தளம் இன்னும் நன்றாக உதவும். வாட்ஸ்அப்பில் ‘கல்யாணப் பத்திரிகை’, ‘போக்குவரத்து அபராதம்’ என்ற பெயரில் .apk என்று முடியும் கோப்பு வருவது இப்போது சகஜமாகிவிட்டது. பத்திரிகை என்றால் படமாகவோ பிடிஎஃப் ஆகவோ வர வேண்டும், செயலியாக வருவதற்கு வேலையே இல்லை. இருந்தாலும் தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்ததே என்று தயங்குபவர்கள், அதை நிறுவாமல் வைரஸ்டோட்டலில் ஏற்றிவிட்டு Details தாவலில் Permissions பட்டியலைப் பார்க்கட்டும். வட்டம் பச்சையாகவே இருக்கலாம். பட்டியலில் READ_SMS, RECEIVE_SMS என்று இருந்தால், அந்தச் செயலி உங்களுக்கு வரும் குறுஞ்செய்திகளைப் படிக்க உரிமை கேட்கிறது என்று பொருள். வங்கி ஓடிபி வருவது அதில்தான். முகூர்த்த நேரத்தைச் சொல்ல வந்த பத்திரிகைக்கு உங்கள் ஓடிபி எதற்கு?

எதை ஏற்றக்கூடாது என்பதும் முக்கியம். வைரஸ்டோட்டலில் ஏற்றும் கோப்பைப் பங்காளி நிறுவனங்களும் கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர்களும் இறக்கிப் பார்க்க முடியும். வருமான வரிப் படிவம், நிலப் பத்திரம், அலுவலக ஒப்பந்தம் போன்றவற்றை ஏற்றினால் அவை ஊர்ப் பொதுவாகிவிடும். 2023 ஜூனில் அந்த நிறுவனத்தின் ஊழியர் ஒருவரே, வாடிக்கையாளர்கள் சுமார் 5,600 பேரின் பெயரும் மின்னஞ்சலும் கொண்ட பட்டியலைத் தவறுதலாகத் தன் தளத்தில் ஏற்றிவிட்டார். நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. இத்தகைய ஆவணங்களுக்கு ஹேஷ் தேடலோடு நிறுத்திக்கொண்டு, அனுப்பியவருக்குப் போன் போட்டு ‘நீங்கள்தான் அனுப்பினீர்களா’ என்று கேட்பது நல்லது.

ஏற்கெனவே திறந்துவிட்டு, அதன்பின் பயந்துபோய் ஸ்கேன் செய்கிறவர்கள் பலர். அந்த நேரத்தில் வட்டத்தில் வரும் எண்ணுக்கு மதிப்பு குறைவு. வேலை முடிந்ததும் தன்னையே அழித்துக்கொள்ளும் நிரல்கள் உண்டு, இறக்கிய கோப்பு சுத்தமாக இருக்கும்போதே அது வரவழைத்த சரக்கு வேறெங்கோ ஓடிக்கொண்டிருக்கலாம். முதலில் நெட்டைத் துண்டியுங்கள். வேறொரு கணினி அல்லது போனிலிருந்து மின்னஞ்சல், வங்கிப் பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதி இருந்தால் அதையும் பயன்படுத்துங்கள், ஏனென்றால் இன்றைய திருட்டு நிரல்கள் பாஸ்வேர்டை மட்டுமல்ல, பிரவுசரில் நீங்கள் உள்நுழைந்திருக்கும் நிலையையே தூக்கிக்கொண்டு போகின்றன. பணம் போயிருந்தால் வங்கிக்குச் சொல்லிவிட்டு உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் முடக்கும் வாய்ப்பு முதல் சில மணி நேரத்தில்தான் அதிகம். ஸ்கேனை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.